டாக்டர் சீட்டில் 3/7, 5/7: நான் அடித்த மெடிக்கல் சர்டிஃபிகேட் திரும்பி வந்துவிட்டது

கிளினிக் மேசை:
ஒரு சின்ன கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறேன், சேர்ந்து நான்கு மாதம். எங்கள் டாக்டருக்கு எழுபது வயது. ஓ.பி. சீட்டில் இரண்டு வரி கிறுக்கித் தருவார், நான் சான்றாக அடிப்பேன், அவர் கையெழுத்துப் போடுவார்.

போன வாரம் புதன்கிழமை, ஜூலை 3 அன்று, ஒரு மில் கிளார்க் வந்தார். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 34 வயது ஆண், காய்ச்சல் 3/7, உடல்வலி, வைரல் ஃபீவர், ரெஸ்ட் 5/7. நான் "03.07.2024 முதல் 05.07.2024 வரை ஓய்வு தேவை" என்று அடித்தேன். அவர் 8ஆம் தேதி திங்கள் வேலைக்குப் போனால், சனிக்கிழமை கணக்கில் வரவில்லை, டாக்டரின் பதிவு எண் இல்லை என்று சான்றைத் திருப்பிவிட்டார்கள். அவர் 1, 2 தேதிகளிலும் லீவாம். எப்படித் திருத்துவது?

சும்மா வந்தவன்:
இதுக்கு எதுக்குக் கவலை? தேதியை 1 முதல் 7 வரைன்னு மாத்தி வேற ஒண்ணு அடிச்சுக் கொடுங்க. பதிவு எண் ரப்பர் ஸ்டாம்பிலேயே இருக்கணும், அதைச் செய்து வச்சுக்கிட்டா தீர்ந்தது.

பழைய கம்பவுண்டர்:
ஸ்டாம்ப் விஷயம் சரி. தேதி விஷயம் தப்பு தம்பி.

அம்மா, முதலில் சீட்டைப் பாருங்கள். பழைய டாக்டர்கள் 3/7 என்று எழுதினால் மூன்று நாள், 5/7 என்றால் ஐந்து நாள். கீழே 52 வந்தால் வாரக் கணக்கு, 12 வந்தால் மாதக் கணக்கு. நீங்கள் ஜூலையில் படித்ததால் அது தேதி மாதிரியே தெரிந்திருக்கிறது. மார்ச்சில் என்றால் அன்றைக்கே முழித்திருப்பீர்கள். அதனால் காய்ச்சல் மூன்று நாளாக, அதாவது 1ஆம் தேதியிலிருந்து. ஓய்வு ஐந்து நாள், 3 முதல் 7 வரை. சனிக்கிழமை அதில் வந்துவிடுகிறது. ஆனாலும் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அடிக்காதீர்கள்.

1, 2 தேதிகளுக்கு ஓய்வு சொல்ல முடியாது. அன்று டாக்டர் அவரைப் பார்க்கவில்லையே. நோயாளி சொன்னதை, அவர் சொன்னதாகவே எழுதலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின் பின்னிணைப்பில் படிவமே இருக்கிறது. நாங்கள் ஆங்கிலத்தில் அடிப்போம். உங்கள் கேஸுக்குப் பொருள் இப்படி வரும்:

"(மேலே நோயாளியின் கையெழுத்து. அடையாளம்: வலது முழங்கையில் மச்சம்.) மேலே கையெழுத்திட்ட இன்னாரை, வயது 34, முகவரி இது, 03.07.2024 அன்று பரிசோதித்தேன். 01.07.2024 முதல் காய்ச்சல் இருப்பதாக அவர் தெரிவித்தார். வைரல் காய்ச்சலால் பாதிக்கப்பட்டுள்ளார். உடல்நலம் தேற 03.07.2024 முதல் 07.07.2024 வரை ஐந்து நாள் பணிக்கு வராமல் ஓய்வில் இருப்பது அவசியம் எனக் கருதுகிறேன்."

கீழே இடம், எழுதிய தேதி, டாக்டர் கையெழுத்து, பெயர், பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண். மச்சம் நான் சும்மா போட்டது, ஆளைப் பார்த்து எழுதுங்கள். பழைய சான்றில் வெள்ளை மை அடித்துத் திருத்தாதீர்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இன்றைய தேதியில், முன்னதற்குப் பதிலாகத் தரப்படுகிறது என்று குறிப்பிட்டுப் புதிதாகக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். சான்றுப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். அது இருக்கிறதா?

ஸ்பின்னிங் செல்வி:
மில் என்றால் இஎஸ்ஐ இருக்குமே? எனக்கு வெளி டாக்டர் சான்றை வாங்கவே மாட்டேன் என்று டிஸ்பென்சரிக்கு அனுப்பினார்கள். காய்ச்சலோடு வரிசையில் நின்றதை இன்னும் மறக்கவில்லை.

கிளினிக் மேசை:
அவர் சம்பளம் வரம்பைத் தாண்டியதால் இஎஸ்ஐ இல்லை அக்கா. ஐயா, பதிவேடு என்று ஒன்று இங்கே நான் பார்த்ததே இல்லை. இன்னொன்று, ஃபிட்னஸ் சான்றையும் அன்றைக்கே சேர்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன், தப்பா?

பழைய கம்பவுண்டர்:
தப்புதான். இன்று படுத்திருப்பவர் எட்டாம் தேதி தேறிவிடுவார் என்று இன்றே எப்படிச் சான்று சொல்வது? வேலைக்குத் திரும்பும்போது மறுபடி பார்த்து, பார்த்த தேதியைப் போட்டுத்தான் தர வேண்டும். பதிவேட்டுக்கு ஒரு நீள நோட்டு போதும், நாளைக்கே ஆரம்பியுங்கள்.

சும்மா வந்தவன்:
நோய் பெயர் எழுதியே ஆகணுமா? ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்களே.

பழைய கம்பவுண்டர்:
படிவத்தில் கேட்கிறது. வைரல் காய்ச்சலுக்குச் சிக்கல் இல்லை. வெளியே சொல்ல விரும்பாத நோய் என்றால் அது நோயாளியும் டாக்டரும் பேசி முடிவு செய்வது, டைப் அடிக்கிறவர் வேலை இல்லை.

கிளினிக் மேசை:
டாக்டரிடம் கேட்டேன், ஐந்து நாள்தானாம். "அஞ்சாம் தேதின்னா படிச்சே?" என்று சிரித்தார். புதிய சான்றை மில்லில் வாங்கிக்கொண்டார்கள், சனிக்கிழமை சரியாகிவிட்டது. 1, 2 தேதிகளைத் தற்செயல் விடுப்பில் கழிப்பதா, சம்பளம் பிடிப்பதா என்று மேனேஜர் இன்னும் சொல்லவில்லையாம். அப்புறம், இனிமேல் நாள் கணக்கை எழுத்தில் எழுதித் தாருங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். தலையாட்டினார். அடுத்த சீட்டிலேயே 2/52.