220-ஆ 221-ஆ? சம்பளச் சீட்டு பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி செம்பனை ஆலையில் வேலை. செப்டம்பர் 2025 சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பி, "அக்கா, இது சரியா?" என்று மட்டும் கேட்டான்.

அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி, அதற்குக் கீழே ஓடி என்ற கூடுதல் நேர வேலைப் பணம் 300. சொக்சோ 9.75, இஐஎஸ் 3.90. இரண்டும் மொத்தம் 2,000-க்குச் சரியாக இருக்கின்றன. இபிஎஃப்தான் உதைக்கிறது. ஓடி பணத்துக்கு இபிஎஃப் கிடையாது, ஆக 1,700-க்கு 11 விழுக்காடு, 187 வெள்ளிதான் பிடித்திருக்க வேண்டும். சீட்டில் 220 மாதிரி தெரிகிறது. கடைசி எண் சரியாக மடிப்பில் மாட்டிக்கொண்டது!

220 என்றால் ஓடியையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 221 என்றால் கதையே வேறு: அது 1,700-க்கு முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காடு. அதை இவன் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது.

வங்கியில் எவ்வளவு விழுந்தது என்று கேட்டிருக்கிறேன். வேறு பிடித்தம் இல்லை, ஆக 1,766.35 வந்திருந்தால் 220, 1,765.35 என்றால் 221.

என் சந்தேகம் இதுதான். அந்த 300 உண்மையில் ஊக்கத்தொகையாக இருந்து, கிராணி ஓடி வரிசையில் போட்டிருந்தால் 220 சரிதானே? ஆலைச் சம்பளக் கணக்கு பார்த்தவர்கள், எந்தத் தாளைக் கேட்டு வாங்கச் சொல்லலாம்?