பீடி சுற்றும் அக்காவும் ஆறு டீச்சர்களும்: ரெப்பர்ட்டரி கிரிட் போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

பாளை பி.எட். ஆசிரியை

முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றும் ஒரு அக்காவோடு போன மாதம் உட்கார்ந்தேன். மகன் ஒன்பதாவது. "பிள்ளைங்க டீச்சர்ல யாரு நல்லா இருக்காவ?" என்று நேராகக் கேட்டிருந்தால் "எல்லாரும் நல்லவுகதாம்மா" என்று சொல்லி முடித்திருப்பார். அதனால், ஒருவர் ஆட்களைத் தன் சொந்த வார்த்தையில் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார் என்று கண்டுபிடிக்கும் ரெப்பர்ட்டரி கிரிட் முறைப்படி ஆறு அட்டை எழுதிக்கொண்டு போனேன்: கணக்கு, தமிழ், அறிவியல், இங்கிலீஷ், ட்யூஷன், அப்புறம் அக்கா சின்ன வயசில் படித்த ஒரு டீச்சர்.

மூன்று அட்டையை எடுத்துச் சுளகுக்கு முன்னால் வைத்து, "இதுல எந்த ரெண்டு பேரு ஏதோ ஒரு விதத்துல ஒண்ணு போல, மூணாவது ஆள் வேற மாதிரி?" என்று கேட்டேன். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். கணக்கையும் பழைய டீச்சரையும் சேர்த்து, "இவுக ரெண்டு பேரும் கண்டிப்பு" என்றார். நான் மனசுக்குள் எதிர்ப்பக்கம் 'இளகின மனசு' என்று எழுதிவிட்டேன். நல்லவேளை, கேட்டும் வைத்தேன். "அந்த மூணாவது ஆளு எப்படி?" "பிள்ளைய அதுபாட்டுக்கு விட்டுட்டவரு."

அந்த ஒரு பதிலில் கண்டிப்பு என்ற சொல்லே எனக்கு வேறாகிவிட்டது. அக்காவுக்கு அது அடியோ அதட்டலோ இல்லை, பிள்ளையைக் கைவிடாமல் இருப்பது.

அட்டைகளை மாற்றி மாற்றி வைத்ததில் இன்னும் மூன்று கிடைத்தது. 'என்னைய உக்காரச் சொல்லிப் பேசுதவரு – நிக்க வச்சே அனுப்பிருதவரு'. 'நோட்டை வாங்கிப் பாக்குதவரு – போர்டோட முடிச்சிருதவரு'. 'இந்த ஊர்க்காரரு – வெளியூர்ல இருந்து வந்து போறவரு'. கடைசியில் நானாக ஒன்று சேர்த்தேன்: 'என் பிள்ளைக்கு இவரே வேணும் – வேற ஆளு போதும்'. இடதுபக்கத்துக்கு 1, வலதுபக்கத்துக்கு 5 என்று ஒவ்வொரு டீச்சருக்கும் அக்காவே எண் சொன்னார்.

'இவரே வேணும்' வரிசை, அட்டை எழுதிய அதே ஒழுங்கில்: 2, 4, 3, 5, 1, 1. 'உக்காரச் சொல்லுதவரு': 2, 4, 2, 5, 1, 2. ரெண்டுக்கும் நேருக்கு நேர் வித்தியாசத்தைக் கூட்டினால் வெறும் 2. கண்டிப்புக்கு 4, நோட்டுக்கு 7. முதலில் வாயில் வந்தது கண்டிப்பு. தேர்வை ஒட்டிப் போவது உட்காரச் சொல்வது. ஊர்க்காரர் வரிசைக்கு (4, 1, 3, 2, 5, 4) வித்தியாசம் 15 வந்தது, அதனால் அதற்குச் சம்பந்தம் இல்லை என்று ஒதுக்கிவிட்டேன்.

அம்பை கருப்பட்டிக் கடை

நானும் இதைப் பண்ணேன் டீச்சர். கடையில கருப்பட்டி, பனங்கல்கண்டு, சீனி, டீத்தூள் நாலையும் வச்சு, வாறவுககிட்ட மூணு மூணா காட்டி "எது நல்லது, எது மட்டம்"னு கேட்டேன். எல்லாரும் கருப்பட்டிதான் நல்லதுன்னு சொல்லிட்டு சீனி வாங்கிட்டுப் போனாவ! இது மார்க் போடுற வேலைதானே, ஒரு நோட்டுல எழுதிட்டா போதாதா?

கங்கைகொண்டான் ஷிப்ட்காரன்

எங்க ஃபேக்டரியில் கூட வேலை செய்றவங்களைப் பற்றி இதைச் செய்யச் சொன்னாங்க. தலைப்பெல்லாம் அவங்களே அச்சடிச்சுக் கொடுத்தாங்க: ஒத்துழைப்பு, முனைப்பு, நேரம் தவறாமை. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எண் போடணும்னதும் எல்லாருக்கும் 3 போட்டுக் கொடுத்திட்டேன். பக்கத்து மெஷின்காரரும் அதேதான் செஞ்சார். எனக்கு ஆள்களைப் பிரிச்சுப் பாக்குறது வேற: 'மெஷின் நின்னா முதல்ல என்னைக் கூப்பிடுறவன் – சூப்பர்வைசரைக் கூப்பிடுறவன்'. அதை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

வண்ணார்பேட்டை, ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர்

டீச்சரம்மா, அந்த 15-ஐத் தூக்கிப் போடாதீங்க. ஆறு அட்டை, ஒவ்வொன்றிலும் அதிகபட்ச வித்தியாசம் 4, ஆக 24 வரை போகலாம். 15 என்பது ரெண்டுங்கெட்டான். ஒருவேளை தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். இடம் வலம் எது என்பது நாம் எழுதிய வசதிதானே? ஒவ்வொரு எண்ணையும் 6-இல் கழித்து எழுதி மறுபடி கூட்டிப் பாருங்க.

கடைக்கார அண்ணாச்சி, "நல்லது மட்டம்" என்று கேட்டதும் அவர்களுடைய பிரிவினை போய்விட்டது, உங்களுடையதுதான் மிஞ்சியது. நல்லது என்று யாராவது சொன்னால் "எப்படிக் கண்டுபிடிக்கிய?" என்று ஒரு படி கீழே இறங்குங்கள். டீத்தூளை எடுத்துவிடுங்கள். இனிப்புக்கு உள்ள அளவுகோல் அதற்குப் பொருந்தாது, பொருந்தாத பொருளுக்கு ஆட்கள் 3 போட்டுத் தப்பிப்பார்கள். மூன்று கருப்பட்டி வகைகளையே கையில் கொடுத்துப் பாருங்கள்.

ஷிப்ட் தம்பிக்கு நடந்ததும் அதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் கெல்லி 1955-இல் இதை எழுதியபோது ஆட்கள் தம் சொந்த வார்த்தையில் பிரிப்பதுதான் மையம். யார் யாரை அட்டையில் எழுதுவது என்ற அவருடைய பட்டியலில் 'பிடித்த ஆசிரியர்', 'பிடிக்காத ஆசிரியர்' என்று இடமே உண்டு. ஆனால் நூறு பேரை ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றிரண்டு தலைப்பை நாமே கொடுக்காமல் முடியாது. டீச்சரம்மாவும் 'இவரே வேணும்' என்பதைக் கொடுத்தாரே.

கங்கைகொண்டான் ஷிப்ட்காரன்

ஒண்ணு கொடுக்குறதுக்கும் எல்லாத்தையும் கொடுக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு சார். அதோட, தாள் யார் கைக்குப் போகும்னு தெரியாதப்போ சொந்த வார்த்தையைக் கேட்டாலும் நான் அந்த மெஷின் விஷயத்தை எழுதியிருக்க மாட்டேன்.

தென்காசி அம்மா

டீச்சர், எங்க பையனோட கணக்கு வாத்தியாருக்கு இதுல 5 வந்தா கல்வி ஆபீசுக்கு எழுதிப் போடலாமா? அவரு மேல எங்களுக்கு ரொம்ப வருத்தம்.

பாளை பி.எட். ஆசிரியை

வேண்டாம்மா. அந்த 5 வாத்தியாரைப் பற்றிச் சொல்லாது, நீங்க அவரை எதை வைத்து அளக்கிறீங்க என்றுதான் சொல்லும். உங்க வருத்தத்தை நடந்ததை நடந்தபடி எழுதி நேரே தலைமையாசிரியரிடம் கொடுங்க.

சார், கழித்துப் பார்த்தேன். ஊர்க்காரர் வரிசை 2, 5, 3, 4, 1, 2 என்று ஆனது. வித்தியாசம் 3. கண்டிப்பை விடவும் நெருக்கம். வெளியூர்க்காரர் என்றால் வேணும், ஊர்க்காரர் என்றால் வேண்டாம் என்று போகிறது. ஆறே அட்டை, ஒரே அம்மா. அதனால் ஊர் முழுக்க இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று திரும்பப் போய் அட்டைகளை விரித்து, "ஊர்க்கார டீச்சர்னா ஏங்க்கா இப்படி?" என்று கேட்டேன். இலையை நறுக்கிக்கொண்டே சொன்னார்: "வெளியூர்க்காரவுகளுக்கு நான் மாணிக்கத்தோட அம்மா. ஊர்க்காரவுகளுக்கு நான் இன்னார் வீட்டுப் பிள்ள. உக்காரச் சொல்லுவாவளா?"

மகன் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன். உட்காரச் சொல்வதும் ஊரும் அக்காவுக்கு ஒரே விஷயமா, ரெண்டா என்றுதான் இப்போது குழப்பம்.

வண்ணார்பேட்டை, ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர்

ஊர்க்காரராக இருந்தும் உட்காரச் சொல்கிற ஒருவரை அக்காவையே நினைத்துச் சொல்லச் சொல்லி, ஏழாவது அட்டையாக வையுங்கள். அவருக்கு 'இவரே வேணும்' என்பதில் என்ன எண் விழுகிறது என்று பார்ப்போம். அப்படி ஒருவர் ஞாபகத்துக்கே வரவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள்.

அம்பை கருப்பட்டிக் கடை

மூணு கருப்பட்டியைக் கையில கொடுத்தேன் சார். ஒரு ஆச்சி ரெண்டை ஒதுக்கிட்டு, "இது ரெண்டும் உடைச்சா கையில ஒட்டுது, அது மணல் மாதிரி உதிருது"ன்னாவ. எனக்கு எது உசத்தின்னு கேக்க வாய் வரல. ஒட்டுறதுக்கு எதிர்ப்பக்கம் உதிருறதுன்னு எழுதி வச்சிருக்கேன். அடுத்தவுக வரட்டும்.