டைல் அடெசிவ்: ஓட்டுப்பசையா, ஒட்டுச்சாந்தா?

மாலதி:
தரை ஓடு பதிப்பது பற்றிய கையேட்டில் டைல் அடெசிவுக்கு ‘ஓட்டுப்பசை’ என்று போட்டிருக்கிறேன். ஓடுகளுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்பும் எபாக்ஸி கிரௌட்டுக்கு ‘எபாக்ஸி இடுக்குச்சாந்து’. சரியா?

சுந்தர்:
பசை வேண்டாம். சிமென்ட், பொடி மணல், பாலிமர் கலந்து மூட்டையில் வருகிற பொடி அது. தண்ணீர் விட்டுக் குழைத்தால் சாந்துதான். ஒட்டுவதுதான் அதன் வேலை என்பதால் ‘ஒட்டுச்சாந்து’ என்கிறேன்.

சாதா சிமென்ட் கலவை ஓட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கித்தான் பிடிக்கும். விட்ரிஃபைட் ஓடு அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, பிடிக்க இடமே இல்லை. சில மாதம் கழித்துத் தட்டினால் ‘டொக் டொக்’ என்று வெற்றொலி கேட்கும். அங்கே பாலிமர் கலந்த சாந்துதான் கைகொடுக்கும். தண்ணீர் நன்றாக உறிஞ்சும் பீங்கான் ஓட்டுக்கு, ஊறவைத்துப் பதித்தால், சிமென்ட் கலவையே போதும்.

ரஃபீக்:
சொல் நன்றாக இருக்கிறது. ஒட்டுச்சாந்து இருந்தால் தரை மட்டம் பார்க்க வேண்டியதில்லை, நேரடியாக ஒட்டிவிடலாம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

சுந்தர்:
ஒட்டுவது சரி, மட்டம் அப்படியில்லை. ஒட்டுச்சாந்து 3 முதல் 6 மில்லிமீட்டர் கனம்தான். தரையில் 15 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் அதை இதைக்கொண்டு நிரப்பக் கூடாது. சுருங்கி, ஓடு இறங்கிவிடும். முதலில் சிமென்ட் கலவையால் மட்டம் செய்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு, பல் வைத்த கரணையால் ஒரே திசையில் வரி இழுத்து ஓடுகளை வைத்து அழுத்த வேண்டும். அப்புறம் வைத்த ஓடு ஒன்றை உடனே தூக்கிப் பாருங்கள். முதுகு முழுக்கச் சாந்து படிந்திருக்க வேண்டும். வரிகள் நசுங்காமல் அப்படியே நின்றால் அழுத்தம் போதவில்லை, அல்லது விரித்த சாந்தில் ஆடை படிந்துவிட்டது. சுரண்டிவிட்டுப் புதிதாக இழுங்கள்.

கலா:
எங்கள் குளியலறைக்குக் கீழே கூரை ஒழுகுகிறது. எபாக்ஸி போட்டால் நின்றுவிடுமா?

சுந்தர்:
நிற்காதுங்க. ஓட்டுக்குக் கீழே நீர்த்தடுப்புப் பூச்சு விட்டுப்போயிருக்கலாம், குழாய் இணைப்பும் கசியலாம். எபாக்ஸி ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகளை மட்டும்தான் அடைக்கும். அதன் பலம் கறை ஏறாதது. எண்ணெயும் மஞ்சளும் சிந்துகிற சமையலறைத் தரை, எப்போதும் ஈரமான குளியலறைத் தரை, இவற்றுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். படுக்கையறைக்கு சிமென்ட் கிரௌட்டே போதும். எபாக்ஸியின் பிசினையும் கெட்டியாக்கியையும் கலந்ததும் இறுக ஆரம்பித்துவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஓட்டின் மேல் படிவதை உடனுக்குடன் துடைக்க வேண்டும்.

மாலதி:
‘ஒட்டுச்சாந்து’ எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எபாக்ஸியில் சிமென்டே இல்லையே, அதை எப்படிச் சாந்து என்பது? ‘இடைநிரப்பி’ என்றால்?

ரஃபீக்:
இடைநிரப்பி என்றால் கொத்தனார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சந்துகளை அடைப்பது எதுவானாலும் எனக்கு இடுக்குச்சாந்துதான்.

சுந்தர்:
எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இரண்டையும் வைத்து அடுத்த வேலையில் ஆட்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.