ஜப்பானிய மொழியில் "உன்னைப் பிடிச்சிருக்கு": அகராதி தந்த வாக்கியத்தை நான் அனுப்பாமல் விட்ட கதை

நொய்யல்கரை:
நகோயாவில் இருக்கும் ஒரு தோழிக்கு என் மனதைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடப் பழக்கம். நான் படித்த ஜப்பானியம் கடைக்குப் போய் வரப் போதும், இதற்குப் போதாது. அகராதியில் "காதலிப்பது" என்று தேடினேன், "அய்ஸுரு" என்று வந்தது. பாடப்புத்தக இலக்கணத்தை வைத்து "வாத்தாஷி வா அனாத்தா ஓ அய்ஷிமஸ்" என்று எழுதிவிட்டேன். "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்பதன் சொல்லுக்குச் சொல் வடிவம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

அனுப்புவதற்கு முன் ஒரு யோசனை வந்தது. தமிழில் யாராவது நேரில் நின்று "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்கிறார்களா? மேடை வசனம் மாதிரி இருக்கும். "உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றுதானே சொல்வோம்? அந்த ஊரிலும் அப்படி ஒன்று இருக்க வேண்டுமே என்று எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தேட ஆரம்பித்தேன். மேற்கோள் குறிக்குள் முழு வாக்கியத்தையும் போட்டுத் தேடினேன், அப்புறம் துண்டு துண்டாக.

```
"私はあなたを愛します"
"のことが好きです"
```

முதலாவதற்கு வந்தவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வாடை அடிப்பவை, இல்லாவிட்டால் திருமண உறுதிமொழி போன்றவை. இரண்டாவது, "நோ கொத்தோ கா ஸுகி டெஸ்" என்ற துண்டு. அதற்கு வந்தவை ஆட்கள் பேசுகிற மாதிரி இருந்தன. "ஸுகி" என்றால் "பிடிக்கும்" என்று அகராதி போட்டிருந்ததால் அதுவரை நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதேபோல் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அனிமே ரசிகன்:
அண்ணா, "காதலிக்கிறேன்" என்னும் "அய்ஷிதேரு"வை ஜப்பான்காரர்கள் வாழ்க்கையில் சொல்லவே மாட்டார்கள். "நிலா அழகாக இருக்கிறது" என்று சொன்னால் போதும், ஒரு பழைய எழுத்தாளர் காதலை அப்படித்தான் மொழிபெயர்க்கச் சொன்னாராம்.

ஒசாகா அக்கா:
தம்பி, பாதி சரி. "அய்ஷிதேரு" கனமான சொல், முதல் தடவை சொல்வதற்கு யாரும் அதை எடுப்பதில்லை. ஆனால் சொல்லவே மாட்டார்கள் என்பது உண்மை இல்லை. பாட்டில் நிறைய வரும், சொல்லிக்கொள்ளும் தம்பதிகளும் இருக்கிறார்கள். நிலா கதைக்கு அவர் எழுத்தில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கதை தெரிந்தவருக்கு அது புரியும், தெரியாதவர் நிலாவைப் பார்த்துவிட்டு "ஆமாம்" என்பார்.

நொய்யல்கரை, நீங்கள் பிடித்த துண்டு சரியான துண்டு. நான் இங்கே பதினொரு வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "அய்ஷிமஸ்" என்பது இனி நேசிப்பேன் என்று சத்தியம் செய்வது போல ஒலிக்கும். அதனால்தான் திருமண உறுதிமொழியாக உங்களுக்கு வந்தது. இப்போது மனதில் இருக்கும் நிலையைச் சொல்ல "அய்ஷிதே இரு" வேண்டும், பேச்சில் "அய்ஷிதேரு" ஆவது அதுதான். நம் "பிடித்திருக்கிறது" என்பதில் வரும் "இரு" மாதிரியேதான். "அனாத்தா"வும் இங்கே ஒட்டாது. மனைவி கணவனை அப்படி அழைப்பதுண்டு, மற்றபடி பெயர் தெரிந்த ஆளிடம் சொன்னால் விலகல் தெரியும். பெயரோடு மரியாதைக்கு "ஸான்" சேர்த்தால் போதும். "நான்" என்பதும் வேண்டாம், பேசுவது யார் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. ததோயெபா என்ற எடுத்துக்காட்டு வாக்கியத் தளத்தில் இருக்கும் பழைய ஜப்பானிய வாக்கியங்களில் பல, ஒரு பேராசிரியர் தம் மாணவர்களைக் கொண்டு சேகரித்து 2001-இல் வெளிவந்த தனாகா தொகுப்பிலிருந்து வந்தவை. ஆங்கிலப் பாடப்புத்தக வாடை நிறைய. நான் வாக்கியத்தைப் பார்த்ததும் அதை அங்கே தன் பொறுப்பில் வைத்திருக்கும் உரிமையாளர் யார், அவருக்கு ஜப்பானியம் தாய்மொழியா என்று பார்ப்பேன். உரிமையாளரே இல்லாத வாக்கியத்தைக் காதல் கடிதத்தில் வைக்க மாட்டேன்.

நொய்யல்கரை:
நன்றி அக்கா. அந்த "நோ கொத்தோ" எனக்குக் குழப்பம். "கொத்தோ" என்றால் "விஷயம்" அல்லவா? "உங்கள் விஷயம் பிடிக்கும்" என்று ஆகிவிடாதா?

ஒசாகா அக்கா:
ஆகாது. ஒருவரின் பெயருக்குப் பின் நேராக "கா ஸுகி" வைத்தால், அவரைப் பிடிக்குமா, அவருக்குப் பிடிக்குமா என்று இரண்டு பக்கமும் படிக்கலாம். "நோ கொத்தோ" வந்தால் அந்தச் சந்தேகம் போய்விடும், அந்த ஆளை முழுதாக நினைத்துச் சொல்வது போலவும் இருக்கும். அகராதியில் "ஸுகி" பக்கத்தில் இதைத் தேடினால் கிடைக்காது, வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வரும்போதுதான் கண்ணில் படும்.

மேல்மருமகள்:
நான் கேட்க வந்ததும் இதுதான். என் அண்ணி ஜப்பான்காரர். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்து, என் அம்மாவிடம் அன்பைச் சொல்ல அகராதியைப் பார்த்து "அத்தை, நான் உங்களைக் காதலிக்கிறேன்" என்றார். அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அண்ணியின் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்குத்தான் தாங்கவில்லை. அப்புறம் "உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அத்தை" என்று சொல்லிக்கொடுத்தேன். இதற்கு அண்ணி தமிழ் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எங்கே தேடுவது?

ஒசாகா அக்கா:
தமிழுக்கு அவ்வளவு வாக்கியங்கள் சேரவில்லை அம்மா. உங்களைப் போல வீட்டில் ஒருவர் இருப்பதுதான் இப்போதைக்கு நல்ல வழி.

நொய்யல்கரை:
அடுத்து, தாய்மொழிக்காரர்களிடம் கேள்வி கேட்கும் ஹைநேட்டிவ் தளத்தில் ஜப்பானியர்களிடம் கேட்டேன். முதல் தடவை "ஐ லவ் யூவை எப்படிச் சொல்வது" என்று மட்டும் கேட்டதால் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள். இரண்டாவது தடவை இருவரின் வயது, எத்தனை நாள் பழக்கம், முதல் தடவை சொல்கிறேன், எழுத்தில் சொல்கிறேன் என்றெல்லாம் போட்டு, இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து எது உங்கள் கைக்கு வரும் என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் "ஸுட்டோ மாயே கரா ஸுகி டெஷித்தா" என்ற வடிவத்தைச் சொன்னார்கள். "ரொம்ப நாளாகவே பிடித்திருந்தது." இறந்த காலமாக இருக்கிறதே, இப்போது பிடிக்கவில்லை என்று ஆகாதா என்று பயந்து கேட்டேன். ஆகாது, இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததை இப்போது வெளியே எடுத்து வைக்கிறேன் என்பதுதான் அதன் அர்த்தம் என்றார்கள்.

"ரொம்பப் பிடிக்கும்" என்னும் "டாய்ஸுகி"யில் மட்டும் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. நாற்பது வயதில் எழுதினால் குழந்தைத்தனம் என்றார் ஒருவர். என் கணவர் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார் என்றார் இன்னொருவர்.

ஒசாகா அக்கா:
அது ஒத்துப்போகவும் போகாது. எங்கள் ஒசாகாவில் "பிடிச்சிருக்கு" என்பதை "ஸுகி யா நென்" என்பார்கள், அதே வரியை நகோயாவுக்கு நீங்கள் அனுப்பினால் கடன் வாங்கிய குரலாக இருக்கும். பதில் சொல்பவரின் ஊரையும் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:
அனுப்பிவிட்டேன் அக்கா. அவர் பெயர், "ஸான்", "நோ கொத்தோ கா ஸுட்டோ மாயே கரா ஸுகி டெஷித்தா." அவ்வளவுதான் எழுதினேன். பதிலும் வந்துவிட்டது: "அரிகாத்தோ. உரெஷீ டெஸ்." நன்றி, சந்தோஷமாக இருக்கிறது என்று. இது சம்மதமா?

ஒசாகா அக்கா:
அதற்குப் பின்னால் "ட்சுகியட்டே குடசாய்" எழுதினீர்களா? என்னோடு பழகுங்கள், என் துணையாக இருங்கள் என்று கேட்கும் வரி. அந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

நொய்யல்கரை:
இல்லை. எடுத்துக்காட்டுகளில் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகத்தானே இருந்தது? இப்போது போய்ப் பார்த்தால், ஹைநேட்டிவில் பதில் சொன்னவர்களில் மூன்று பேர் அந்த வரியையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அதை நான் வேறு உதாரணம் என்று நினைத்துத் தள்ளிவிட்டேன்.

ஒசாகா அக்கா:
அப்படியானால் அவர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. பிடித்திருக்கிறது என்று நீங்கள் தெரிவித்தீர்கள், சந்தோஷம் என்று அவர் தெரிவித்தார். கேள்வியை நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

அனிமே ரசிகன்:
அண்ணா, எழுத்தில் வேண்டாம், போனில் கேளுங்கள்.

நொய்யல்கரை:
அங்கே இப்போது இரவு பதினொன்றரை. நாளைக்குக் கூப்பிடுகிறேன்.