இறுதித் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண் 45-ஆ, 50-ஆ?

பெருந்துறை உதவிப் பேராசிரியை

எங்களுடையது தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி. இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. விதி இரண்டு நிபந்தனை சொல்கிறது: செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம் எடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 சதவீதம் வர வேண்டும். வினாத்தாள் 100-க்கு. நான் மூடில் மென்பொருளில் தேர்வை 100 என்றும் இன்டர்னலை 40 என்றும் போட்டுவிட்டேன், மொத்தம் 140 என்று நிற்கிறது. `Grade to pass` இடத்தில் தேர்வுக்கு 45 போடுவதா, 50 போடுவதா? மதிப்பெண் ஏற்றுவதற்கு முன் தெரிந்தால் நல்லது.

நாமக்கல் கணக்கு ஆசிரியர்

50 போடுங்க மேடம். மொத்தத்தில் 50 வேண்டும் என்றுதானே விதி இருக்கிறது? தேர்விலும் 50 வைத்துவிட்டால் இரண்டு விதியும் ஒரே எண்ணில் அடங்கிவிடும். 45 எடுத்தவனை மொத்தத்தில் தடுக்கிற வேலையும் இருக்காது. பாதுகாப்பான பக்கமாக நிற்பதுதான் நல்லது.

கோவை, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்

சார், அது பாதுகாப்பு இல்லைங்க. தேர்ச்சி பெற வேண்டிய பிள்ளைகளை அரியர் ஆக்கும் எண் அது. இன்டர்னல் 36 வாங்கிய பையன் தேர்வில் 100-க்கு 46 எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 46 என்பது 60-க்கு 27.6. மொத்தம் 63.6. விதி சொன்ன இரண்டையும் அவன் தாண்டிவிட்டான், ஆனால் உங்கள் 50 அவனை நிறுத்திவிடும்.

மறுபக்கமும் பாருங்கள். இன்டர்னல் 15 வாங்கியவன் தேர்வில் 52 எடுத்தால் 31.2 வரும், மொத்தம் 46.2. உங்கள் 50-ஐ அவன் தாண்டிவிட்டான், ஆனால் விதிப்படி தேர்ச்சி இல்லை. ஆக அந்த எண் இரண்டு பக்கமும் தவறுகிறது.

தேர்வில் ஒருவருக்கு எவ்வளவு வேண்டும் என்பது அவருடைய இன்டர்னலைப் பொறுத்தே மாறும். இன்டர்னல் I என்றால் 100-க்கு வேண்டியது இது:

```
max(45, (50 - I) / 0.6)
```

இன்டர்னல் 23 இருந்தால் இரண்டு விதியும் ஒரே இடத்தில் சந்திக்கும், 45 போதும். 23-க்கு மேலே போனால் 45 விதி மட்டும்தான் கட்டுப்படுத்தும். 23-க்குக் கீழே மொத்தத்துக்கான விதி முந்திக்கொள்ளும்: இன்டர்னல் 20 என்றால் 50 வேண்டும், 15 என்றால் 59 வேண்டும். ஒரு பெட்டியில் ஒரே எண்ணைத்தான் போட முடியும். அதனால் தேர்வுக்கு உரிய விதியைத் தேர்வின் மீதும், மொத்தத்துக்கு உரிய விதியை மொத்தத்தின் மீதும் தனித்தனியாக வையுங்கள். தேர்வுக்கு 45, கோர்ஸ் மொத்தத்துக்கு 50.

ஆனால் மேடம், அதற்கு முன்னால் அந்த 140-ஐச் சரிசெய்ய வேண்டும். உங்கள் கேள்வியில் பெரிய ஆபத்து அதுதான். மூடிலில் `Natural` என்கிற கூட்டல் முறையில் எடை என்பது அதிகபட்ச மதிப்பெண்ணில் இருந்தே வருகிறது. 100-ம் 40-ம் சேர்ந்தால் தேர்வின் எடை 71.4 சதவீதம் ஆகிவிடும், விதியோ 60 என்கிறது. மொத்தத்துக்கு 50 என்று போட்டால் அது 140-க்கு 50 ஆகும், அதாவது 36 சதவீதம்கூட இல்லை. இன்டர்னல் 10, தேர்வில் 45 எடுத்தவன் 55 என்று பச்சையில் தேறிவிடுவான். உண்மையில் அவனுக்கு 10-ம் 27-ம் சேர்ந்து 37-தான்.

சென்னிமலை தறிக்காரர்

ஏனுங்க, எனக்கு இந்த சாஃப்ட்வேர் எல்லாம் தெரியாது. எங்க அம்மணிக்கு இன்டர்னல் 38, பரீட்சையில் 44. அதே வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளைக்கு இன்டர்னல் 24, பரீட்சையில் 45. அந்தப் பிள்ளை பாஸ், எங்க அம்மணிக்கு அரியர். மொத்தமாகக் கூட்டினால் எங்க அம்மணிக்கு 64-க்கு மேல் வருகிறது, அந்தப் பிள்ளைக்கு 51-தான் வருகிறது. கல்லூரியில் கேட்டால் "ரூல்ஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மொத்தத்தில் 50 இருந்தால் பாஸ் என்றுதானே சேர்க்கும்போது சொன்னார்கள்?

கோவை, ஓய்வு பெற்றவர்

சேர்க்கும்போது பாதிதான் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. நீங்கள் சொல்கிற கணக்கு சரிங்க, 38-ம் 26.4-ம் சேர்ந்து 64.4. ஆனால் 45 சதவீதம் என்பது தனி வாசல். மொத்தம் எவ்வளவு இருந்தாலும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தக் கல்லூரியிலும் அதே விதி என்றால் அவர்கள் போட்டது சரிதான். ஒரு மதிப்பெண்தான் குறைகிறது என்பதால் விடைத்தாள் நகல் கேளுங்கள், கூட்டலைச் சரிபாருங்கள், பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போடுங்கள். கடைசி நாள் தாண்டினால் வாங்க மாட்டார்கள், உடனே விசாரியுங்கள்.

நாமக்கல் கணக்கு ஆசிரியர்

அந்தத் தனி வாசல் அவசியம்தான். 40-க்கு 38 என்று இன்டர்னலை அள்ளிக் கொடுக்கிற துறைகள் இருக்கின்றன. குறைந்தபட்சம் இல்லையென்றால், 38 வைத்திருக்கிறவன் தேர்வில் 20 எடுத்தாலே 50-ஐத் தொட்டுவிடுவான். இதை யாராவது படிப்பு என்று சொல்ல முடியுமா?

பொள்ளாச்சி மூடில் நிர்வாகி

இன்டர்னல் ஊதிப்போயிருந்தால் இன்டர்னலைத் திருத்த வேண்டும். ஆண்டு முழுவதும் உழைத்த பெண்ணை ஒரு மதிப்பெண்ணில் நிறுத்துவது அதற்கு மருந்து ஆகாது. அது தனி விவாதம், விதியாக எழுதியிருக்கிறவரை மென்பொருள் அதையே காட்ட வேண்டும்.

மேடத்தின் கேள்விக்கு வருகிறேன். `Natural`-ஐ மாற்ற வேண்டியதில்லை. தேர்வின் `Maximum grade`-ஐ 60 ஆக்குங்கள், `Grade to pass` 27. இன்டர்னல் 40 அப்படியே இருக்கட்டும். மொத்தம் தானாக 100 வரும், அதற்கு 50 போடுங்கள். மாணவர் பார்க்கிற எண்ணும் மதிப்பெண் பட்டியலில் வருகிற எண்ணும் ஒன்றாக இருக்கும். மதிப்பெண் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் மட்டும் கவனம்: `Rescale existing grades` என்று கேட்கும், `Yes` கொடுத்தால்தான் பழைய 72 என்பது 43.2 ஆகும். அதைச் செய்த பிறகு தேர்ச்சி மதிப்பெண்ணை நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள், பழைய 45 அங்கேயே கிடக்கக் கூடாது. 60-க்கு 45 என்றால் 75 சதவீதம். பாதி வகுப்பு சிவப்பாகத் தெரியும்.

கோவை, ஓய்வு பெற்றவர்

ஆன்லைன் தேர்வாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. கையால் எழுதித் திருத்திய தாளுக்கு எனக்கு உடன்பாடு இல்லை. விடைத்தாள் முகப்பில் 46 என்று இருக்கும், ஏற்றுகிறவர் 27.6 என்று போட வேண்டும். அந்த மாற்றத்தைத் தாளுக்குத் தாள் கையால் செய்கிற இடத்தில்தான் பிழை நுழையும். தேர்வு 100-ஆகவே இருக்கட்டும், தேர்ச்சி 45. கூட்டல் முறையை மட்டும் `Weighted mean of grades` என்று மாற்றி, தேர்வுக்கு எடை 60, இன்டர்னலுக்கு எடை 40 கொடுங்கள். கோர்ஸ் மொத்தத்தின் அதிகபட்சத்தை 100 ஆக்கி, தேர்ச்சி 50 வையுங்கள். முகப்பில் உள்ள எண்ணே ஏறும், எடையும் விதிப்படி நிற்கும்.

இந்த முறையில் ஒரு குழி உண்டு. `Exclude empty grades` டிக் ஆகியிருந்தால், தேர்வுக்கே வராதவனுடைய மொத்தம் இன்டர்னலை மட்டும் வைத்து வரும். இன்டர்னல் 38 என்றால் 95 என்று காட்டும். டிக்கை எடுத்துவிடுங்கள், அப்போது காலி இடம் பூஜ்யமாகவே எண்ணப்படும்.

கரூர் விரிவுரையாளர்

நான் வேறு கேட்கிறேன். ஏன் 100-க்கே தாள் வைக்க வேண்டும்? திருத்துகிற சுமை குறையட்டும் என்று எங்கள் துறையில் 75-க்கு வைக்கலாம் என்கிறார்கள். எடை 60 என்று கொடுத்துவிட்டால் தாள் எத்தனைக்கு இருந்தால் என்ன?

கோவை, ஓய்வு பெற்றவர்

எடைக்குக் கவலை இல்லை, குறைந்தபட்சத்துக்குத்தான் கவலை. 75-ல் 45 சதவீதம் 33.75. இப்போது 33 எடுத்தவன் தோல்வி, 34 எடுத்தவன் தேர்ச்சி என்றாகும். 34 என்பது 45.3 சதவீதம், ஆக விதி சொன்னதைவிடச் சற்று அதிகமாகக் கேட்கிறீர்கள். 50-க்கு வைத்தால் 22.5, அரை மதிப்பெண் கொடுக்கிற திருத்துநர் இருந்தால் தப்பலாம், இல்லையென்றால் 23 ஆகிவிடும். 45 சதவீதம் முழு எண்ணாக வர வேண்டுமானால் தாளின் மொத்தம் 20-ன் பெருக்கமாக இருக்க வேண்டும்: 60-க்கு 27, 80-க்கு 36, 100-க்கு 45. சுமை குறைய வேண்டும் என்றால் 80-க்கோ 60-க்கோ போங்கள். ஆனால் அண்ணா பல்கலைக்கழக முறையில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, 13 மதிப்பெண் வினா ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று என்று 100-க்குப் பழகிய பிள்ளைகளுக்குப் புதிய அமைப்பை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெருந்துறை உதவிப் பேராசிரியை

நன்றி சார். எங்களுடையது கையால் எழுதுகிற தாள்தான், அதனால் 100-ம் 45-ம் வைத்து எடை கொடுத்துவிடுகிறேன். இன்னும் ஒன்று. இன்டர்னலில் 21.5 போல அரை வருகிறது. எங்கே ரவுண்ட் செய்வது?

பொள்ளாச்சி மூடில் நிர்வாகி

இரண்டையும் முழு எண்ணாக்கிக் கூட்டுங்கள். பட்டியலில் முழு எண்தானே அச்சாகிறது? அச்சான இரண்டு எண்ணைக் கூட்டி மூன்றாவது வரவில்லை என்றால் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

கோவை, ஓய்வு பெற்றவர்

கூடவே கூடாது. இன்டர்னல் 21.5, தேர்வில் 46 என்று வையுங்கள். கூட்டினால் 21.5-ம் 27.6-ம் சேர்ந்து 49.1, தேர்ச்சி இல்லை. நீங்கள் சொல்கிறபடி செய்தால் 22-ம் 28-ம் சேர்ந்து 50, தேர்ச்சி. ரவுண்ட் செய்த இடத்தில் ஏறக்குறைய ஒரு மதிப்பெண் எங்கிருந்தோ வந்துவிட்டது. குறைந்தபட்சத்தைத் தாளின் 100-க்கான எண்ணிலேயே பாருங்கள், மொத்தத்தைக் கடைசியில் ஒரே ஒரு முறை முழு எண்ணாக்குங்கள். கருணை காட்ட வேண்டுமானால் பாஸிங் போர்டில் கிரேஸ் மார்க் என்று வெளிப்படையாகக் கொடுக்கட்டும்.

பொள்ளாச்சி மூடில் நிர்வாகி

ஒரே முறை என்றாலும் 49.5 எடுத்தவன் 50 ஆவானே சார், அது மட்டும் எந்த விதியில் இருக்கிறது? 49.5-ஐ ஏற்கலாம், 49.1-ஐ ஏற்கக் கூடாது என்று நீங்களும் ஒரு கோட்டைப் போட்டுக்கொள்கிறீர்கள். அச்சில் வருகிற எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவதுதான் எனக்கு முக்கியம்.

கோவை, ஓய்வு பெற்றவர்

அதனால்தான் கல்லூரி விதிப் புத்தகத்தில் எழுதச் சொல்கிறேன். எங்கே, எத்தனை முறை ரவுண்ட் செய்வது என்று அகாடமிக் கவுன்சில் ஒரு வரி தீர்மானிக்கட்டும். மேடம், உங்கள் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறதா?

பெருந்துறை உதவிப் பேராசிரியை

தேடிப் பார்த்தேன் சார், இல்லை. 45-ம் 50-ம் இருக்கின்றன, ரவுண்ட் செய்வதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. துறைத்தலைவரிடம் 49.1 கணக்கையே எழுதிக் கொடுக்கிறேன்.