ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் அனுப்பியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏசி_சர்வீஸ்:
நாங்கள் அலுவலகங்களுக்கு ஏசி பராமரிப்பு செய்கிறோம். ஒரு வாடிக்கையாளர் கடைசி 3 பில்லை நிறுத்திவைத்துவிட்டு, வேலை சரியில்லை என்று ஒப்பந்தத்தையும் ரத்து செய்துவிட்டார். முதலில் போன வக்கீல் நோட்டீஸில் "பணம் தராவிட்டால் ஆர்பிட்ரேஷன் உட்பட எல்லாச் சட்ட நடவடிக்கையும் எடுப்போம்" என்று இருந்தது. அதுவே போதும் என்றார்கள் சிலர். புதிதாக வந்த வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21ஆம் பிரிவு கேட்பது, இன்ன தகராறை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பக் கோருகிறோம் என்ற நேரடிக் கோரிக்கை. அது எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாளில்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்கியதாகக் கணக்கு. பணம் கேட்க இருக்கிற 3 வருடக் காலவரம்பும் அந்த நாளை வைத்துத்தான் பார்க்கப்படும்.

அதனால் தனியாக இன்னொரு நோட்டீஸ் போட்டோம். முக்கியமான வரி இதுதான்: "ஒப்பந்தத்தின் 18ஆம் ஷரத்தின்படி, கீழே சொல்லியுள்ள தகராறுகளை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பும்படி இதன்மூலம் கோருகிறோம். இது 21ஆம் பிரிவின் கீழான நோட்டீஸ்." அதன் கீழே எந்த பில், எவ்வளவு பாக்கி, வட்டி எந்தத் தேதியிலிருந்து, ரத்து செய்தது ஏன் தவறு என்று சுருக்கமாக எழுதி, ஆர்பிட்ரேட்டராக ஒருவர் பெயரைச் சொல்லி, 30 நாளில் சம்மதம் கேட்டோம்.

ஒப்பந்தக்காரன்:
உங்கள் ஷரத்தில் ஆர்பிட்ரேட்டரை யார் நியமிக்கிறார்கள் என்று பாருங்கள். எங்களுடையதில் "வாடிக்கையாளரின் எம்.டி. நியமிப்பவர்" என்று இருந்தது. 2019இல் சுப்ரீம் கோர்ட் அதெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே ஷரத்தே போச்சு, நேரே சிவில் கோர்ட்டுக்குப் போய்விடலாம்.

பழைய_குமாஸ்தா:
பாதி சரி. தகராறில் அக்கறை உள்ள ஒருவர் தனியாக ஆர்பிட்ரேட்டரை நியமிப்பதுதான் செல்லாது. ஆர்பிட்ரேஷனுக்குப் போவோம் என்ற உடன்பாடு அப்படியே நிற்கும். சிவில் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு தன் முதல் பதிலுக்கு முன்பே 8ஆம் பிரிவைக் காட்டி அதை ஆர்பிட்ரேஷனுக்குத் திருப்பிவிடும். நோட்டீஸிலேயே "எம்.டி. நியமனத்தை ஏற்க மாட்டோம், இருவரும் சேர்ந்து ஒருவரை முடிவு செய்வோம்" என்று எழுதிவிடுங்கள். 30 நாளில் ஒத்துவரவில்லை என்றால் 11ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம். அவர்கள் நியமித்தவரிடமே போகச் சம்மதம் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், தகராறு வந்த பிறகு கொடுத்த எழுத்துச் சம்மதம் உங்களைக் கட்டிப்போடும்.

மாடிவீடு:
என் வீட்டு இன்டர்நெட் கனெக்‌ஷனை நிறுத்திய பிறகும் பில் வருகிறது. அந்தப் படிவத்திலும் ஆர்பிட்ரேஷன் என்று இருக்கிறது. நானும் இப்படி நோட்டீஸ் அனுப்பணுமா?

பழைய_குமாஸ்தா:
உங்கள் கதை வேறு. சொந்த உபயோகத்துக்குச் சேவை வாங்கிய நுகர்வோர், அந்த ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

ஒப்பந்தக்காரன்:
சரி, ஏற்கிறேன். நோட்டீஸோடு என்னென்ன இணைத்தீர்கள்?

ஏசி_சர்வீஸ்:
ஒப்பந்தம் முழுதும், கையெழுத்துப் பக்கமும் இணைப்புகளும் சேர்த்து. எங்களுக்கு இடையில் ஒரு தடவை ஈமெயிலிலேயே புதுப்பித்திருந்தார்கள். அதில் ஆர்பிட்ரேஷன் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, "மற்ற நிபந்தனைகள் மாறாது" என்ற ஒரு வரி இருந்தது. அந்த ஈமெயில் இல்லாமல் போயிருந்தால், காலாவதியான ஒப்பந்தத்தைக் காட்டுகிறீர்கள் என்பார்கள். அப்புறம் அவர்கள் 'பெற்றோம்' சீல் வைத்த பில்கள், ஒரு பக்கப் பாக்கிக் கணக்கு, ரத்துக் கடிதம், கையெழுத்துப் போடுபவருக்கு நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதம். மாதாமாதம் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை வைக்கவில்லை, அவை ஆர்பிட்ரேட்டர் வந்த பிறகு கோரிக்கை மனுவோடு போகும்.

பழைய_குமாஸ்தா:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சமரசம் பேசும்போது "உரிமை பாதிக்காமல்" என்று தலைப்பிட்டு இவ்வளவு குறைத்துத் தருகிறோம் என்று எழுதிய கடிதங்களை இணைக்கவே கூடாது. பேசினோம் என்பதைக் காட்டக் கூட்டத்துக்கு அழைத்த ஈமெயில் போதும். முகவரியும் முக்கியம். ஒப்பந்தத்தில் நோட்டீஸுக்கு என்று எந்த முகவரி, எந்த ஈமெயில் இருக்கிறதோ அதற்கும், பதிவு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். டெலிவரி ஆன டிராக்கிங் பக்கத்தை அன்றைக்கே பிரின்ட் எடுத்து வையுங்கள், பிறகு அது இணையத்தில் கிடைக்காமல் போகலாம்.

ஒப்பந்தக்காரன்:
முதலில் 30 நாள் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று ஷரத்தில் இருந்தால், அதை விட்டுவிட்டு அனுப்பிய நோட்டீஸ் நிற்குமா?

பழைய_குமாஸ்தா:
இரண்டு மாதிரியும் தீர்ப்பு பார்த்திருக்கிறேன். கட்டாயம் என்றும் சொன்னார்கள், பேசிப் பயனில்லை என்று தெரிந்தால் வெறும் சடங்குதான் என்றும் சொன்னார்கள். காலவரம்பு நெருங்காவிட்டால் பேச அழைத்து, அந்த 30 நாள் முடிந்த பிறகு அனுப்புங்கள்.

ஏசி_சர்வீஸ்:
நாங்கள் அப்படித்தான் செய்தோம். எதிர்த்தரப்பு எங்கள் ஆளை மறுத்து வேறு இருவர் பெயரைக் கொடுத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் அந்த நிறுவனத்துக்கே ஆலோசகராக இருந்தவர் என்று கேள்விப்பட்டோம், இப்போது அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.