புதுப்பிப்பு: ஒரே இரவில் 614 ஃபாலோயர்கள் குறைந்த விஷயம்

“நேற்று 4,120, இன்று 3,506. மாடித்தோட்டப் பக்கத்தில் நான் என்ன தப்பு செய்தேன்?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழைய ஃபாலோயர் பட்டியலையும் புதியதையும் ஒப்பிடச் சொன்ன அண்ணனின் யோசனைதான் உதவியது. மார்ச்சில் இறக்கி வைத்திருந்த பட்டியல் கையில் இருந்தது. காணாமல்போன பெயர்களில் 40 எடுத்துத் தேடினேன். 37 கணக்குகளே இல்லை. மூன்று பேர்தான் விலகியிருந்தார்கள். நம்மை பிளாக் செய்தவர் கணக்கும் ‘இல்லை’ என்றே காட்டும் என்பதால், தங்கையின் போனிலும் பார்த்தேன். அங்கேயும் இல்லை. ஆக, அந்தக் கணக்குகளைத் தளமே நீக்கியிருக்க வேண்டும்.

தளம் என் பதிவுகளை மற்றவர்களுக்குக் காட்டாமல் மறைக்கிறதோ என்று ஒருவர் பயந்தார். அப்படியென்றால் ரீச் விழுந்திருக்கும். எனக்குப் பழையபடி 900 பேர் பார்க்கிறார்கள். தனக்கு லைக் குறைந்ததாகச் சொன்ன அக்கா, உங்களுடையது வேறு பிரச்சினை. ரீச்சை முதலில் பாருங்கள்.

எதிர்பாராதது ஒன்று: போன பெயர்களில் பெரும்பாலானவை, இரண்டு வருடம் முன்பு விதைப் பரிசுப் போட்டி வைத்த வாரத்தில் சேர்ந்தவை. பரிசுக்காகத் தொடங்கிய போலிக் கணக்குகளாக இருக்கலாம்; நான் காசு கொடுத்து யாரையும் வாங்கவில்லை. அப்புறம், 2018 ஜூலையில் ட்விட்டர் பூட்டிய கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து நீக்கியதை ஒருவர் நினைவூட்டினார். அதுபோலக் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்ட என் தோழி, போன் எண்ணை உறுதி செய்ததும் பட்டியலுக்குத் திரும்பினாள். இன்னும் எத்தனை பேர் அப்படித் திரும்புவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.